பூட்டியது யார்? வங்கிக் கணக்கு முடக்கமும் பற்றுரிமையும்

(சுங்கைப் பட்டாணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வங்கி முகப்பிலும் அதன் பின்னறைகளிலும் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி என்னைத் தேடி வந்துகொண்டே இருக்கிறது. கோயிலில், கல்யாண வீட்டில், சாப்பாட்டுக் கடையில் யாராவது ஒருவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "சார், என் கணக்கிலே காசு இருக்கு. எடுக்க முடியலே. பேங்கிலே கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க." அந்தத் தாழ்ந்த குரல்தான் என்னை வருத்துகிறது. கணக்கு நின்றுபோனால் தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக ஊர் நினைக்குமோ என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தில் நாட்கள் ஓடுகின்றன. அதனால்தான் இன்று இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. பணத்தை எடுக்க முடியவில்லை என்றால் "ஏன்" என்று கேட்பதற்கு முன் "பூட்டியது யார்" என்று கேளுங்கள். பூட்டியவர் யாரென்று தெரிந்தால்தான் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியும். சாவி இல்லாதவரிடம் மூன்று மாதம் நடந்தாலும் கதவு திறக்காது.

கணக்கைக் கட்டுவதும் தொகையைக் கட்டுவதும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கணக்கு முடக்கம் என்பது கணக்கையே கட்டிப் போடுவது. உள்ளே ஐம்பது வெள்ளி இருந்தாலும் ஐம்பதாயிரம் இருந்தாலும் ஒன்றும் வெளியே போகாது. பெரும்பாலும் பணம் உள்ளே வரும். சம்பளம் வந்து சேரும். சேர்ந்த பணமும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் தவணை, காப்புறுதிப் பணம் என்று தானாகக் கழிய வேண்டியவை கழியாமல் நிற்கும்.

லீன் என்று வங்கியில் சொல்வதைத் தமிழில் பற்றுரிமை என்கிறோம். இது ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் பிடித்து வைப்பது. அந்தத் தொகை போக மீதியை நீங்கள் வழக்கம்போல் எடுக்கலாம், அனுப்பலாம்.

பற்றுரிமை புதிதாக வந்த ஒன்றல்ல. 1950ஆம் ஆண்டின் நம் ஒப்பந்தச் சட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டே தருகிறது. பட்டை தீட்டாத வைரத்தை ஒருவர் நகைத் தொழிலாளியிடம் தருகிறார். வேலை முடிந்தபின் கூலி கொடுக்கும்வரை வைரத்தைத் தன்னிடமே வைத்திருக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. வைரம் அவருடையதாகிவிடவில்லை, கூலி வந்ததும் திருப்பித் தந்தாக வேண்டும். அதே சட்டத்தின் 124ஆம் பிரிவு, தம் கைக்கு வந்த பொருளை வர வேண்டிய பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையை வங்கியாளருக்கும் கொடுக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சேமிப்புக் கணக்கில் போட்ட பணம் சட்டத்தின் கண்ணில் வங்கியின் கையில் இருக்கும் உங்கள் பொருள் அல்ல. அது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். 1848இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு அது. இன்றும் வங்கித் தொழில் அதன்மேல்தான் நிற்கிறது. ஆகவே உங்கள் சேமிப்பை உங்கள் கடன் பாக்கிக்கு எடுத்துக்கொள்வதைக் கறாராகச் சொன்னால் ஈடுகட்டல் என்றே சொல்ல வேண்டும். வங்கிப் பேச்சில் எல்லாவற்றையும் லீன், ஹோல்ட், இயர்மார்க் என்று சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சொல் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான்: ஒரு தொகை இருக்கும், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

நம் ஊரில் எல்லாரும் பட்டறிந்த பற்றுரிமை பெட்ரோல் நிலையத்தில் இருக்கிறது. பம்ப்பில் நேராக டெபிட் அட்டையைச் செருகி முப்பது வெள்ளிக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள். கணக்கில் 200 வெள்ளி பிடிபட்டு நிற்கிறது. எவ்வளவு ஊற்றுவீர்கள் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரியாததால் ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறது. சரியான கணக்கு வந்தபின் மீதி விடுபடும். யாரும் உங்கள்மேல் சந்தேகப்படவில்லை. உள்ளே முகப்பில் தொகையைச் சொல்லிக் கட்டினால் அந்தப் பிடிப்பே வராது.

கைப்பேசியில் வித்தியாசத்தைப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. செயலியில் பொதுவாக Current Balance, Available Balance என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இருப்பு, இரண்டாவது எடுக்கக்கூடியது. இரண்டுக்கும் இடையில் ஒரு திட்டமான தொகை குறைந்தால், பெரும்பாலும் அது பற்றுரிமை. எடுக்கக்கூடியது சுழியம் என்றோ, இருப்பு சரியாகத் தெரிந்தும் எந்தப் பரிமாற்றமும் போகவில்லை என்றோ இருந்தால், முடக்கம் என்று சந்தேகிக்கலாம்.

சாவி யாரிடம்?

பூட்டுபவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை வங்கியே பூட்டுவது. நீண்டகாலம் புழங்காத கணக்கு, வாடிக்கையாளர் விவரம் புதுப்பிக்காத கணக்கு, வழக்கத்துக்கு மாறான பரிமாற்றம் கண்டு வங்கியின் கண்காணிப்பு நிறுத்திய கணக்கு, கணக்காளர் இறந்துவிட்டார் என்று தெரியவந்த கணக்கு. சில நேரம் மோசடிக்குப் பயந்து நாமே செயலியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருப்போம். இங்கே சாவி பெரும்பாலும் கிளையிலேயே இருக்கிறது. மைகாட்டோடு நேரில் போனால் பல கணக்குகள் திறந்துவிடும். இறந்தவர் கணக்குக்கு மட்டும் வாரிசு ஆவணம் வேண்டும். சிறு தொகையானால் அமானா ராயா வழி முடிக்கலாம்.

இரண்டாம் வகை நீதிமன்றம். யாருக்கோ தர வேண்டிய கடனுக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. தீர்ப்புப் பெற்றவர் கார்னிஷி ஆணை வாங்கி உங்கள் வங்கிக்குக் கொடுக்கிறார். அந்தக் கடன் தொகை அளவுக்கு வங்கி நிறுத்தி வைக்கும். முதலில் வருவது காரணம் காட்டச் சொல்லும் ஆணை. அதில் விசாரணை நாள் குறித்திருக்கும். அந்த நாளில் போகாமல் இருந்தால் ஆணை உறுதியாகிப் பணம் கைமாறிவிடும். இங்கே வங்கி முகப்பில் வாதாடிப் பயனில்லை.

மூன்றாம் வகை புலனாய்வு அமைப்புகள். இன்று நம் மக்கள் அதிகம் அகப்படுவது இதில்தான். 2001ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தை அம்லா என்கிறோம். அதன் 44ஆம் பிரிவின் கீழ், குற்றத்தை விசாரிக்கும் அமைப்பு ஒரு சொத்தை முடக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழும் காவல் துறை பணத்தைத் தடுத்து வைக்கலாம். வங்கி அந்த ஆணையை நிறைவேற்றும் இடத்தில் மட்டுமே இருக்கிறது.

முகப்பில் இருப்பவர் ஏன் வாய் திறப்பதில்லை என்ற மனத்தாங்கலுக்கு இங்கே விடை இருக்கிறது. சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் என்று வங்கி அறிக்கை அனுப்பியிருந்தால் அதைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்வதை அதே சட்டத்தின் 14ஏ பிரிவு தடுக்கிறது. சொன்னால் குற்றம் அந்த ஊழியர்மேல் வரும். முகப்புப் பெண்ணிடம் கத்துவதால் அவர் சட்டத்தை மீறப்போவதில்லை. ஆனால் எந்த அமைப்பின் ஆணையால் கணக்கு நிற்கிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதைக் கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேளுங்கள்.

ஒரு முறுக்குக் கணக்கு

புரியும்படி ஒரு நிலைமையைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். பீடோங்கில் ஓர் அக்கா. பகலில் தொழிற்சாலை, தீபாவளி நெருங்கினால் வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து கொடுப்பார். கணக்கில் 2,960 வெள்ளி இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் 300 வெள்ளிக்கு ஆர்டர் வருகிறது. பணமும் வருகிறது, ஆனால் 1,800 வெள்ளி. உடனே அழைப்பு: "அக்கா, தவறா அனுப்பிட்டேன். மீதி 1,500ஐ இந்தக் கணக்குக்கு அனுப்பிடுங்க." கொடுத்தது வேறொருவர் பெயரில் உள்ள கணக்கு எண். பிறர் காசு நமக்கெதற்கு என்று அக்கா உடனே அனுப்பிவிட்டார். இருப்பு இப்போது 3,260.

அந்த 1,800 வெள்ளி, ஜொகூரிலோ கிள்ளானிலோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம். அவர் புகார் செய்ததும் காவல் துறை பணம் போன தடத்தைப் பின்தொடர்கிறது. தடம் அக்காவின் கணக்கு வழியாகப் போகிறது. மூன்றாம் நாள் அவருக்கு அரிசி வாங்கவும் காசு எடுக்க முடியவில்லை.

இங்கேதான் முடக்கத்துக்கும் பற்றுரிமைக்கும் உள்ள வேறுபாடு வயிற்றில் தெரிகிறது. அவர் கையில் தங்கிய 300 வெள்ளியை மட்டும் பிடித்திருந்தால் 2,960 வெள்ளியை அவர் புழங்கலாம். வந்த தொகை முழுதும், 1,800 வெள்ளியையும் பிடித்திருந்தால்கூட 1,460 வெள்ளி கையில் இருக்கும். கணக்கையே முடக்கினால் கையில் ஒரு காசும் இல்லை. மாதக் கடைசியில் வரும் சம்பளமும் உள்ளே போய் அடைபடும்.

இந்த வேறுபாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவாக எடுத்துப் பேசியது. தெலுங்கானா சைபர் குற்றப் பிரிவின் கோரிக்கையால் ஒருவரின் கணக்கு முழுதும் முடங்கியிருந்தது. உள்ளே ஒன்பது லட்சம் ரூபாய்க்கு மேல். சந்தேகத்துக்கு உரியதோ ஏறத்தாழ இரண்டரை லட்சம். எவ்வளவு தொகைமேல் சந்தேகம் என்று வரையறுக்காமல் முழுக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்து வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்றார் நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன். இரண்டரை லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியைப் புழங்க அனுமதித்தார். அது இந்தியச் சட்டம். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வாதம் எளியது, நியாயமானது: சந்தேகம் எவ்வளவோ அவ்வளவுதான் பூட்டு. புலனாய்வு அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அதையே பணிவாகக் கேட்கலாம்.

நம் அம்லாவிலும் இரக்கத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. 44ஆம் பிரிவின் கீழ் முடக்கும்போது, பாதிக்கப்பட்டவரும் அவர் குடும்பமும் வாழ்வதற்கு வேண்டிய நியாயமான தொகையை விடுவிக்க அந்த அமைப்பு பணிக்கலாம். நல்லெண்ணத்தில் பட்ட கடனைக் கட்டவும் வழிவிடலாம். கேட்காமல் யாரும் தாமாகக் கொடுப்பதில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாததால் நம்மவர்கள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

அந்த அக்கா என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளே மைகாட்டோடு கணக்குத் தொடங்கிய கிளைக்கு நேரில் போக வேண்டும். தம்பியையோ மகனையோ தனியாக அனுப்பினால் வங்கி இரகசியச் சட்டத்தால் அவர்களுக்கு விவரம் சொல்ல மாட்டார்கள். நான்கு கேள்விகளை எழுதியே எடுத்துச் செல்லுங்கள். இது முடக்கமா, தொகைப் பிடிப்பா? யார் கேட்டதால்? எவ்வளவு தொகைக்கு? கடிதத்தின் தேதியும் குறிப்பு எண்ணும் என்ன? எல்லாவற்றுக்கும் பதில் வராமல் போகலாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

காவல் துறை என்று தெரிந்தால், எந்த மாவட்டத்தின் வர்த்தகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு, புலனாய்வு அதிகாரி யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். புகார் ஜொகூரில் பதிவாகியிருந்தால் அதிகாரியும் அங்கே இருப்பார். இங்குள்ள குவாலா மூடா மாவட்டக் காவல் தலைமையகத்திலோ அருகிலுள்ள நிலையத்திலோ அக்கா தம் தரப்பைப் புகாராகப் பதிவு செய்து, அந்தப் பிரதியைப் புலனாய்வு அதிகாரிக்கு அனுப்பலாம்.

புகாரில் நடந்தது முழுதும் வர வேண்டும். 1,500 வெள்ளியை அனுப்பியதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மறைக்கிறார்கள். வங்கியின் பதிவில் அது நிமிடக் கணக்கோடு ஏற்கெனவே இருக்கிறது. மறைத்தால், ஏமாந்த நீங்களே கூட்டாளியாகத் தெரிவீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். எண் தெரியும்படி முழுவதையும் எடுத்து வையுங்கள். மூன்று மாதக் கணக்கறிக்கை, சம்பளச் சீட்டு, மாவும் எண்ணெயும் வாங்கிய ரசீது, முந்திய ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து, கணக்கில் இருந்த மற்றப் பணம் உழைத்த பணம் என்று காட்டும். சந்தேக நபராக வாக்குமூலத்துக்கு அழைத்தால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு போங்கள். வசதி இல்லாதவர்கள் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம்.

இதற்கிடையில் அந்தக் கணக்கில் புதுப் பணம் போடாதீர்கள். சம்பளத்தை வேறு வழியில் தருமாறு முதலாளியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தவணைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் நிலைமையைச் சொல்லுங்கள். தவறிய தவணை தனியொரு வழக்காக வளரக் கூடாது.

விசாரணையில் தெளிவு ஏற்பட்டதும் அதிகாரியிடமிருந்து வங்கிக்கு விடுவிப்புக் கடிதம் போக வேண்டும். பல கணக்குகள் இந்த இடத்தில்தான் தேவையில்லாமல் தேங்குகின்றன. அதிகாரி "முடிந்தது" என்பார். வங்கி "கடிதம் வரவில்லை" என்னும். கடிதத்தின் தேதியையும் குறிப்பு எண்ணையும் அதிகாரியிடம் வாங்கிக் கிளையில் கொடுங்கள். 44ஆம் பிரிவு முடக்கமானால் 90 நாள் கணக்கையும் குறித்து வையுங்கள். அதற்குள் குற்றம் சாட்டப்படவில்லை, சொத்தைக் கைப்பற்றும் ஆணையும் வரவில்லை என்றால் அந்த முடக்கம் செயலிழக்கும். கைப்பற்றும் ஆணையாக மாறியிருந்தால் காலம் நீளும். வழக்குத் தொடராமலே பறிமுதல் கேட்பதற்கு அரசுத் தரப்புக்கு 12 மாதம் இருக்கிறது. அப்படி விண்ணப்பம் போனால், நேர்மையாக உரிமை கொண்ட மூன்றாம் தரப்பினர் நீதிமன்றத்தில் வந்து சொல்லச் சட்டம் இடம் தருகிறது.

வங்கியின் நடத்தையில்தான் குறை என்றால் முதலில் வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். தீரவில்லை என்றால் பேங்க் நெகாராவுக்கும், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்கும் போகலாம். ஆனால் புலனாய்வு அமைப்பின் ஆணையை நீக்கும் சாவி அவர்களிடம் இல்லை. "ஐந்நூறு வெள்ளி கொடுங்கள், கணக்கைத் திறந்து தருகிறேன்" என்று வரும் தரகரிடம் எந்தச் சாவியும் இல்லை. அவர் இரண்டாவது மோசடி.

பற்றுரிமைக்கு வழி வேறு

வங்கியே தன் பாக்கிக்காகத் தொகையைப் பிடித்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. எந்தக் கடனுக்கு, எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் வாங்காத கடனாகவும் இருக்கலாம். மைத்துனர் கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டது பத்தாண்டு கழித்து இப்படித் திரும்பி வரும். கடன் உண்மைதான், கட்ட முடியவில்லை என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாகத் தவணையைத் திருத்தியமைக்க உதவும்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. நிரந்தர வைப்பை ஈடாக வைத்துக் கடன் வாங்கி, கடைசித் தவணை வரை கட்டி முடித்துவிடுவோம். வைப்பின்மேல் இருந்த பற்றுரிமையை நீக்க எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும். கடன் முடிந்த அன்றே முடிவுக் கடிதத்தோடு, பற்றுரிமை நீக்கிய உறுதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தவறு நடந்த இடம்

அந்த அக்கா எங்கே தவறினார்? பணம் தவறாக வந்ததில் அவர் குற்றம் இல்லை. தம் கையால் திருப்பி அனுப்பினாரே, அங்கேதான் சிக்கினார். தவறி வந்த பணத்தை நம் வங்கியிடம் சொல்லி, வங்கி வழியாக, வந்த கணக்குக்கே திரும்பச் செய்ய வேண்டும். அழைத்தவர் சொன்ன வேறு கணக்குக்கு அனுப்பினால் மோசடிப் பணம் நடக்கும் பாதையில் நாம் ஒரு கல்லாகிவிடுகிறோம். அப்படிப்பட்ட கணக்கைத்தான் மலாயில் அக்காவுன் கெல்டை, கழுதைக் கணக்கு என்கிறார்கள். பணம் அனுப்பும் முன் எதிராளியின் கணக்கு எண்ணைக் காவல் துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்பதால் மட்டும் அது நல்ல கணக்கு என்று ஆகிவிடாது. நீங்களே ஏமாந்துவிட்டால் 997 எண்ணுக்கு அந்த நிமிடமே அழையுங்கள். பணம் இரண்டாவது கணக்கைத் தாண்டுவதற்குள் பிடிக்க அதுதான் வழி.

அக்கா ஏமாந்தவர். தெரிந்தே கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் இருநூறு, முந்நூறு வெள்ளிக்காக ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் நண்பனிடம் கொடுக்கும் இளைஞர்களைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் பார்க்கிறேன். தண்டனைச் சட்டத்தில் 2024இல் சேர்த்த 424ஏ முதலான பிரிவுகளால், மோசடியில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே குற்றம். அந்தக் கணக்குக்கு எந்தக் கடிதமும் விரைவில் சாவி கொண்டுவராது.

இங்கிருந்து போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் எத்தனை ஏடிஎம் அட்டைகள் உண்டோ அத்தனையும் அவரவர் கையில்தான் இருக்கிறதா என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். கையில் இல்லாத அட்டை ஒன்று இருந்தால், நாளைக் காலை வங்கி திறந்ததும் அந்தக் கணக்கை நீங்களே நிறுத்துங்கள்.